பத்தொன்பது நாள் நீல டிக்

மனைவி போட்ட தடையை மீறுவது என்று லிஃப்ட்காரர் முடிவு செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் இப்படி ஒரு முடிவை அவர் எடுத்ததே இல்லை. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து ஒரு தடவை முறைத்தும் கொண்டார்.

காரணம், மகள். இருபத்து நாலு வயது. அச்சகத்தில் டிசைன் வேலை. பத்தொன்பது நாளாகப் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போகிறாள். போனை எடுக்கிறாள், பார்க்கிறாள், கவிழ்த்து வைக்கிறாள். ஒரு நிமிஷம் கழித்து மறுபடியும் எடுக்கிறாள்.

"என்னம்மா ஆச்சு?" என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டிருந்தார்.

"கோஸ்டிங்ப்பா."

"அப்படின்னா?"

"பேய் மாதிரி மறைஞ்சு போறது."

"பேய் பிடிச்சாத்தான் கஷ்டம்னு நினைச்சேன். விட்டுட்டுப் போனாலும் கஷ்டமா?"

அவள் சிரிக்கவில்லை. ஆனால் சொல்ல ஆரம்பித்தாள். லிஃப்ட் ரிப்பேர் பார்த்தே பழகிய லிஃப்ட்காரருக்கு எந்த யந்திரமானாலும் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தால்தான் தூக்கம் வரும். அதனால் கேள்விமேல் கேள்வி கேட்டார்.

டேட்டிங் ஆப்பில் அறிமுகம். மூன்று மாதப் பழக்கம். ஏழு தடவை நேரில் சந்திப்பு. கடைசித் தடவை காபி குடித்துவிட்டு, "வீட்டுக்குப் போனதும் மெசேஜ் போடு" என்று அவன்தான் சொன்னான். போட்டாள். ஒரு இதயப் படம் வந்தது. மறுநாள் கேள்விக்கு ஒரு வார்த்தைப் பதில். அதற்கடுத்த நாள் "கொஞ்சம் பிஸி." அப்புறம் ஒன்றுமே இல்லை.

"சண்டை போட்டீங்களா?"

"சண்டை போட்டுப் பிரிஞ்சா அதுக்குப் பேரு பிரேக்அப். சொல்லாம கொள்ளாம நிறுத்திட்டாத்தான் இது."

"போன் தொலைஞ்சிருக்கும். இல்ல, அடிகிடி பட்டு..."

"நானும் அப்படித்தான் பயந்தேன். 'எல்லாம் ஓகேவா'ன்னு கேட்டேன். ரெண்டு டிக்கும் நீலமாச்சு. படிச்சுட்டான். கூப்பிட்டா முழுசா அடிச்சு ஓயுது. சாயங்காலமானா ஊர்சுத்தின போட்டோ போடறான். நான் ஸ்டேட்டஸ் வெச்சா முதல் ஆளா பார்க்கறான்!"

"பார்க்கறானா? பேச மாட்டானா?"

"பிளாக் பண்ணியிருந்தாகூட கதவைச் சாத்திட்டான்னு புரியும். இவன் திறந்தும் வைக்கல, சாத்தவும் இல்ல."

லிஃப்ட்காரருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. "பட்டனை அமுக்கினா லைட் எரியுது. லிஃப்ட் வரல. நீ படியில போகலாமா, நிக்கலாமான்னு தெரியாம நிக்கறே."

"அதேதான்ப்பா." முதல்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள். "தொல்லை பண்றவங்ககிட்ட இருந்து சொல்லாம ஓடிப்போறது தப்பே இல்ல. சில சமயம் அதுதான் பாதுகாப்பு. அதான், நான் என்ன தொல்லை பண்ணேன்னு பழைய மெசேஜையெல்லாம் திருப்பித் திருப்பிப் படிக்கறேன்."

அன்றைக்கே மனைவியிடம் கொதித்தார். மனைவி தையல் கடையில் துணி வெட்டும் வேலை பார்ப்பவள். ஏழு தடவை அளந்துவிட்டுத்தான் கத்தரியைத் தொடுவாள்.

"அவனை ஒரு பார்வை பார்த்துட்டு வரேன்."

"அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்கக்கூடாது. சொல்லிட்டேன்."

"ஏன்?"

"கூடாதுன்னா கூடாது."

அவனுக்கு எங்கே வேலை என்றுகூட அவருக்குத் தெரியாது. ஆனால் அதிர்ஷ்டம் என்று ஒன்று இருக்கிறதே! திங்கட்கிழமை சாயங்காலம் மனைவி மாடிப்படியில் நின்று பக்கத்து வீட்டம்மாவிடம் பேசியது அவர் காதில் விழுந்தது. "மார்க்கெட் முனையில மூக்குக் கண்ணாடிக் கடை இருக்குல்ல? அங்கே கண் டெஸ்ட் பண்றவன்தான் அந்தப் பையன்."

செவ்வாய்க்கிழமை காலை பல் துலக்கி முடித்த கையோடு லிஃப்ட்காரர் கண் டெஸ்டுக்குக் கிளம்பினார்.

பையன் ஒல்லியாக, மரியாதையாக இருந்தான். அதுவே அவருக்கு ஏமாற்றம். இருட்டறையில் உட்காரவைத்து, "தாடையை இங்க வைங்க சார், நெற்றியை ஒட்டி வைங்க, அசையாதீங்க" என்றான். அதட்டிக் கேட்க வந்த மனுஷன், தாடையைத் தாங்கியில் வைத்துக்கொண்டு பல் இடுக்கில் பேச வேண்டியதாயிற்று.

"ஹம்பி, கோஷ்டிங் கேள்விப்பட்டிருக்கீங்களா?"

பையன் கை நின்றது. "ஏன் சார்?"

"ஷ்நேகிதர் பொண்ணு ஒண்ணு. பாவம். ஏன் அப்படிப் பண்றாங்கன்னு தெரிஞ்சுக்கணும்."

யந்திரத்துக்கு அந்தப் பக்கமிருந்து அவர் கண்ணையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான் பையன். நெடுநேரம் பார்த்தான்.

"இந்தக் கண்ணை நான் பார்த்திருக்கேன் சார். நீங்க அவங்க அப்பா."

மெதுவாகத் தாடையை எடுத்தார் லிஃப்ட்காரர். திட்டுவதற்காகப் பாடம் பண்ணி வைத்திருந்த மூன்று வாக்கியமும் மறந்து போயின. ஆர்வம்தான் மிச்சமிருந்தது. "ஏன்ப்பா?"

"நல்ல பொண்ணு சார். ஆனா அவங்களுக்கு இருந்த அளவுக்கு எனக்கு வரல. அதை எப்படிச் சொல்றது? நாளைக்குச் சொல்லலாம்னு விட்டேன். மறுநாள், நேத்தே ஏன் சொல்லலன்னும் சேர்த்துச் சொல்லணும். ஒரு வாரம் ஆனப்புறம் மன்னிப்பு கேக்கவே வெக்கமாயிடுச்சு. பதினோரு தடவை எழுதி அழிச்சேன்."

"அப்போ ஸ்டேட்டஸ் மட்டும் எதுக்குப் பார்த்தே?"

"நல்லா இருக்காங்களான்னு."

"அதைக் கேட்டுத் தெரிஞ்சுக்கணும்டா! ஒரு வரி போதும், எழுது."

"என்னன்னு சார்?"

லிஃப்ட்காரர் ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தார். "பிடிக்கல" என்பது கொடுமை. "பிஸி" என்பது பொய். "நீ ரொம்ப நல்லவ" என்று சொன்னால் அவரே அடிப்பார். வெளியே அடுத்த ஆள் கதவைத் தட்டினார்.

கடைசியில் பையனே எழுதினான். 'உன்மேல எந்தத் தப்பும் இல்ல. எனக்கு இதுக்கு மேல போக மனசு வரல. அதைச் சொல்ல தைரியம் இல்லாம ஒளிஞ்சுகிட்டேன். நீ காத்திருந்ததுக்கு நான்தான் காரணம். மன்னிச்சிடு.'

"நான் வந்ததைச் சொல்லாதே," என்றார் லிஃப்ட்காரர். பையன் தலையாட்டிவிட்டு மெசேஜை அனுப்பினான். அப்படியே, "சார், உங்களுக்குப் பவர் ஏறியிருக்கு," என்றான்.

சாயங்காலம் வீட்டில் மகள் போனைப் பார்த்தாள். இரண்டு தடவை படித்தாள். அறைக்குள் போய் நன்றாக அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து, "பதில் போட்டேன்ப்பா. 'சொன்னதுக்கு நன்றி. இனிமே எழுத வேண்டாம்'னு," என்றாள். உட்கார்ந்து முழுத் தட்டையும் காலி செய்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டாள்.

லிஃப்ட்காரருக்கு மார்பு ஒரு மாடி உயர்ந்தது. இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் தாங்க முடியவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி முன்னால் போய் நின்றார்.

"நீ கூடாதுன்னே. நான் போனேன். அந்த மெசேஜ் தானா வரல. வரவெச்சது ஐயா!"

"தெரியும்."

"எப்படி?"

"நான் போயிருந்தா சண்டையாகியிருக்கும். அவ போயிருந்தா கெஞ்சின மாதிரி ஆகியிருக்கும். உங்களைப் பார்த்தா யாருக்கும் உண்மையைச் சொல்லத் தோணும். ஆனா அன்னைக்கே போங்கன்னு விட்டிருந்தா கொதிப்போட போயிருப்பீங்க; ஒளிஞ்சு போனாத்தான் அடக்கமாப் பேசுவீங்க. அதான் கூடாதுன்னேன்."

"இரு, இரு. கடை எதுன்னு நானாத்தானே கண்டுபிடிச்சேன்?"

மனைவி அவருடைய சட்டையை உதறி மடித்தாள்.

"அந்தம்மாகிட்ட அதை மூணு தடவை சொல்லவேண்டியதாப் போச்சு. முதல் ரெண்டு தடவை உங்க காதுலயே விழல."