பென்சிலில் எழுதிய வாழ்த்து

தலைமை எழுத்தர் காலையிலிருந்து மூன்று பென்சில் சீவிவிட்டார். வாழ்த்து மட்டும் உருப்படவில்லை.

முப்பது வருஷம் அலுவலகக் கடிதம் எழுதிய கை. மனைவியின் முட்டி அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பதினோரு நாள் பார்த்துக்கொண்ட சிஸ்டருக்கு, பண்டிகைக்கு நாலு வரி எழுத வரவில்லை. காரணம் இருந்தது. வலிக்கான ஊசி இருபது நிமிடம் தாமதம் என்று ஒருநாள் வார்டே அதிரக் கத்திவிட்டார். அப்போது சிஸ்டர் பக்கத்து அறையில் மூச்சுத் திணறிய ஒருவரோடு போராடிக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. சிஸ்டர் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் மனுஷனை அரித்துத் தின்றது.

"மதிப்பிற்குரிய தெய்வமே" என்று ஆரம்பித்தார். நாற்காலியில் காலை நீட்டியிருந்த மனைவி தாளை வாங்கிப் பார்த்தாள்.

"தெய்வம் எங்கயாவது ஷிப்ட் பார்க்குமா? சிஸ்டர்னே எழுதுங்க."

திருத்தினார். கூடவே, கால்சியம் மாத்திரையைத் தொடரலாமா என்று ஒரு வரி. வாழ்த்துகிற சாக்கில் வைத்தியம் கேட்பதா என்று மனைவி அந்த வரியை அடித்தாள். பட்டுப்புடவை அனுப்புவதாக எழுதினார். சிஸ்டருக்குத் தர்மசங்கடம், வார்டுக்கே பொதுவாகப் பழக்கூடை போதும் என்று அதையும் அடித்தாள். "தங்கள் பதிலை விரைவில் எதிர்நோக்கும்" என்பது பழக்கதோஷத்தில் வந்தது. அதற்கும் ஒரு கோடு.

கடைசியில் தயங்கித் தயங்கி, "அன்று கத்தியது என் தவறு" என்று எழுதினார். மனைவி அதை இரண்டு தரம் படித்தாள். பிறகு மெல்லக் கோடு போட்டாள்.

"பண்டிகையும் அதுவுமா இத எழுதினா, பரவால்லன்னு அவங்க சொல்லியே ஆகணும். நன்றி சொல்லப்போய் அவங்களுக்கு வேலை வைக்காதீங்க."

மிஞ்சியது இவ்வளவுதான்: "சிஸ்டர், வலிக்குப் பயந்தவளை முதல் அடி எடுத்துவைக்கச் செய்தது நீங்கள். பண்டிகையன்றும் பணியில் இருக்கும் உங்களுக்கும் குடும்பத்தாருக்கும் எங்கள் நல்வாழ்த்துகள். மறுபடியும் வருகிறோம்."

கடைசி வரி மரியாதையாக இருப்பதாக இருவருக்குமே திருப்தி. மையில் படி எடுத்தார். ஷிப்ட் மாறும் நேரத்தில் தொந்தரவு வேண்டாமென்று, உறையையும் கூடையையும் வார்டு ஆயாவிடம் கொடுத்துவிட்டு வீடு திரும்பினார்.

மேஜைமேல் மைப்படி சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. தெய்வம், மாத்திரை, பட்டுப்புடவை எல்லாம் உறைக்குள் போய்ச் சேர்ந்திருந்தன.

செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார். வார்டு வாசலில் ஆயா சிரித்துக்கொண்டு நின்றாள். சிஸ்டர் பிரித்துவிட்டாரா என்று மூச்சு வாங்கக் கேட்டார்.

"படிச்சாச்சு சார். அன்னைக்குக் கத்தினீங்கல்ல, அந்த வரி மேல இருந்த கோட்ட, எழுத்து அழியாம, ரப்பர் வெச்சு அழிச்சாங்க. 'மறுபடியும் வருகிறோம்'ல மட்டும் அவங்களே ஒரு கோடு போட்டுட்டாங்க."