ஊசி இல்லாத பதினெட்டு அடி

தாரெந்தும் துறைமுகத்துக்கு மேலே, சங்குச் சாயக்காரர் தெருவில் வசிக்கும் மதிப்புக்குரிய மாமா லைக்கோன் அவர்களுக்கு, ரோமாபுரியிலிருந்து மாப்பிள்ளை நுமேரியஸ் விபியஸ் தலைவணங்கி எழுதுவது. நீங்களும் உங்கள் தறிகளும் நலமாக இருந்தால் எனக்கு அது போதும். நான் எப்படி இருக்கிறேன் என்பதைக் கடிதத்தின் கடைசியில் சொல்கிறேன். எழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னிக்க வேண்டும். இடது கையால் தாளைப் பிடிக்க முடியாத நிலை. காரணம் போகப்போகத் தெரியும்.

உங்கள் மகள் மிக்கா எங்களை விட்டுப் போய் இன்றோடு இருபத்தொன்பது நாள். குழந்தை வந்தும் இருபத்தொன்பது நாள். முப்பது நாளுக்குள் தகப்பன் ரோமக் குடிமகனுக்குரிய டோகாத் துணியைக் கட்டிக்கொண்டு மன்றச் சதுக்கத்துப் பதிவு மண்டபத்துக்குப் போய்ப் பிறப்பைச் சொல்ல வேண்டும் என்பது தங்களுக்குத் தெரியும். அதை நானே ஒழுங்காகச் செய்தால் குழந்தை என்னிடம் இருக்கட்டும், செய்ய முடியாவிட்டால் அவளைத் தாரெந்துமுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். "மாப்பிள்ளே, ஒரு துணியத் தோள்ல நிறுத்தத் தெரியாத ஆளு, ஒரு பொண்ண எப்படி நிறுத்துவீங்க?" என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. கல்யாணத்தன்று விருந்துக்கு நடுவில் என் டோகா அவிழ்ந்து மீன் குழம்புத் தட்டில் விழுந்ததை நீங்கள் மறக்கவில்லை என்று தெரிகிறது. நானும் சம்மதித்துப் பதில் போட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

மாமா, நான் வாய்க்கால் மட்டம் பார்க்கிறவன். ஆயிரம் அடிக்கு ஒரு விரல் சரிவு வைத்துத் தண்ணீரை மலையிலிருந்து நகரத்துக்கு நடக்க வைப்பேன். ஆனால் என் முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று ஐந்து வருஷமாக நான் பார்த்ததே இல்லை. மிக்கா பின்னால் நின்று கட்டிவிடுவாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். "சாயாதீங்க, நீங்க என்ன பழைய மதிலா?" என்பாள். "மூச்ச இழுத்துப் பிடிக்காதீங்க, அப்புறம் விட்டீங்கன்னா எல்லாம் தொளதொளன்னு ஆயிரும்" என்பாள். இடது தோளில் ஒரு தட்டு, வலது அக்குளுக்குக் கீழே ஒரு இழுப்பு, மறுபடியும் இடது தோளில் ஒரு தட்டு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இரண்டு தட்டுக்கு நடுவே ஒரு வீடு கட்டப்பட்டிருக்கிறது என்பது தெரியாது.

இருபத்தாறாம் நாள் துணியைத் தரையில் விரித்தேன். எங்கள் அறை பன்னிரண்டு அடி. துணி பதினெட்டு அடி. மீதி ஆறடி வாசலைத் தாண்டி மாடிப்படியில் இறங்கிப் போய், கீழ்வீட்டுக்காரர் அதில் கால் துடைத்துவிட்டார். ஒரு பக்கம் நேர் விளிம்பு, மறு பக்கம் வளைவு, இரண்டு முனையும் கூர். படகைக் கவிழ்த்து மிதித்துத் தட்டையாக்கினது போல இருக்கும். மெழுகுப் பலகையில் வரைபடம் போட்டேன். நேர் விளிம்போரமாக நீளத்துக்கு ஒரு மடிப்பு. ஒரு முனையை இடது தோளில் போட்டு, முன்னால் பாதங்களுக்கு நடுவில் தொங்கவிடுவது. மீதியை முதுகைச் சுற்றி வலது கைக்குக் கீழே கொண்டுவந்து, மார்புக்குக் குறுக்கே இழுத்து, மறுபடியும் இடது தோளுக்கு மேல் எறிந்து பின்னால் தொங்கவிடுவது. மடித்த மேல்பாகம் வலது இடுப்புக்குக் கீழே பெரிய வளைவாக விழும். அப்புறம் முன்னால் தொங்கும் முதல் முனையில் கொஞ்சத்தை மேலே உருவி, குறுக்கே போகும் சுருளுக்கு வெளியே ஒரு கொத்தாகத் துருத்திவிட வேண்டும். ஊசி கிடையாது. முடிச்சு கிடையாது. ஒரு தையல் கிடையாது. கம்பளியின் எடையும், கம்பளிமேல் கம்பளி உராய்வதும், மடக்கி வைத்த இடது கையும்தான் எல்லாம். படம் பிரமாதமாக வந்தது. ஒரு முனையைக் கதவு ஆணியில் மாட்டி நான் அதற்குள் சுழன்று சுழன்று போனேன். மூன்றாவது சுற்றில் கதவு திறந்தது.

திறந்தவள் தெர்த்துல்லா. சலவைக்காரர் பக்காத்துஸின் மனைவி, நம் குழந்தைக்குப் பால் கொடுக்கிற புண்ணியவதி. தரையில் கிடந்த என்னைப் பார்த்துவிட்டு, "யாரு, குழந்தையா நீங்களா, யாரச் சுத்திக் கட்டியிருக்கு?" என்றாள். புருஷனைக் கூப்பிட்டாள். பக்காத்துஸ் வந்து என்னைச் சுற்றி நடந்து பார்த்தார். "ஐயா, நான் முப்பது வருஷமா டோகா மிதிச்சுத் துவைக்கிறேன். சுண்ணம் போட்டு வெளுக்கிறேன். ஆனா உள்ள ஆளு இருக்கிற டோகாவ இப்பதான் கிட்டத்துல பாக்குறேன்" என்றார். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து எதிரெதிர்த் திசையில் நடந்தார்கள். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

இருபத்தேழாம் நாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. கல்யாணத்துக்கு நீங்கள் கொடுத்த கிரேக்க மேல்துணி, ஹிமாட்டியோன் இருக்கிறதே, அதுவும் இடது தோளில் தொடங்கி, முதுகைச் சுற்றி, வலது கைக்குக் கீழே வந்து, இடது தோளில் முடிகிறதுதானே. நாலு மூலையும் சதுரமான துணி, நீளம் பாதிதான், மூலைகளில் ஈயக்குண்டு கோத்திருக்கிறீர்கள், எறிந்தால் எறிந்த இடத்தில் உட்காருகிறது. ஒருவனே கட்டிக்கொள்ளலாம். கட்டிக்கொண்டு கம்பீரமாகப் போனேன். சதுக்கத்து முனையில் காவலாள் மறித்தான். "எங்க போறீங்க?" "மகள் பிறந்ததச் சொல்ல." "கீழ பாருங்க." பார்த்தேன். "மூல தெரியுது. டோகான்னா கீழ வளைவா இருக்கணும், உங்களுக்கு நாலு மூல தொங்குது. கிரேக்கத் துணி கட்டித் தத்துவப் பாடம் எடுக்கிறவங்க அந்தப் பக்கம், குளியல் மண்டபத்துல இருப்பாங்க. போங்க வாத்தியாரே." வாத்தியார் திரும்பி வந்தார்.

இருபத்தெட்டாம் நாள் தவறு செய்தேன். மிக்காவின் ஊசிகளை எடுத்தேன். அவள் வீட்டில் உங்கள் ஊர் வழக்கப்படி கிட்டோன்தான் கட்டுவாள். மாமா, உங்கள் தறியிலிருந்து வந்த நீளமான ஒற்றைத் துணி அது. மேல்விளிம்பை வெளிப்பக்கம் மடித்து, உடம்பைச் சுற்றி, ஒரு பக்கம் திறந்தே விட்டு, முன்னும் பின்னும் சேர்த்து இரண்டு தோளிலும் ஒவ்வொரு ஊசி. இடுப்பில் கச்சை, அதற்கு மேலே கொஞ்சம் இழுத்துவிட்டால் நீளம் சரியாகிவிடும். இரண்டு ஊசியில் ஒரு ஆள் நின்றுவிடுவாள். இரண்டையும் உருவினால் நாலு மூலைத் துணிதான், தொட்டிலில் விரிக்கலாம், ஜன்னலில் கட்டலாம். அதில் ஊசி குத்தின இடம் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இடது தோளில் தெரிகிறது. துவைத்தால் கம்பளி மூடிக்கொள்ளும் என்றார் பக்காத்துஸ். அதனால் துவைக்கக் கொடுக்கவில்லை. அதில்தான் குழந்தையைச் சுற்றி வைத்திருக்கிறேன்.

அந்த ஊசிகளை டோகாவின் தோளில் குத்திக்கொண்டு தெருவில் இறங்கினேன். மீன்காரி ஒருத்தி, "அக்கா, பூ வைக்கல?" என்றாள். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன், வாய் அந்த மாதிரித்தான் போனது. இந்த ஒரு மாதமாக எல்லாமே தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்கிற மாதிரி இருக்கிறது மாமா. யாரோ பேசுகிறார்கள், மேலே வெளிச்சம் ஆடுகிறது, துணி மட்டும் மெதுவாக மிதந்து என்னை விட்டுப் போகிறது.

இன்று காலை தெர்த்துல்லா குழந்தையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். "பால் குடிச்சாச்சு. எனக்குத் தொட்டி நிறையத் துணி கிடக்கு. இன்னிக்கு நீங்களே பாத்துக்குங்க." நம் விபியா இடது கையில்தான் தூங்குவாள். வலது கைக்கு மாற்றினால் தெருவே வந்துவிடும். டோகாவுக்கும் இடது கைதான் வேண்டும். ஒரு கை, இரண்டு வேலை. பிறகு அவளை இடுக்கியபடியே, வலது கையால் மட்டும், அவளையும் என்னையும் சேர்த்துச் சுற்ற ஆரம்பித்தேன். முதல் முனை இடது தோளில், அவளுக்கு அடியில். முதுகுச் சுற்று, சுவரில் சாய்ந்து துணியை நழுவாமல் அமுக்கிக்கொண்டு. (ஆமாம், சாய்ந்தேன்.) வலது கைக்குக் கீழே வாங்கி, மார்புக்குக் குறுக்கே அவள்மேல் ஏற்றி, தோளுக்கு மேல் எறிந்தேன். அவள் மடிப்புக்குள் போய்விட்டாள். அவள் எடை என் கைவளைவில் எல்லா மடிப்பையும் சேர்த்து அமுக்கியது. நின்றது மாமா! ஆனால் முன்பாரம் அதிகம், பின்முனை எலி மாதிரி தோளில் ஏறி வந்தது. எதிர்ப்பாரம் வேண்டும். உங்கள் ஹிமாட்டியோனிலிருந்து நாலு ஈயக்குண்டையும் அறுத்து எடுத்தேன். போதவில்லை. என் மட்டப்பலகையின் தூக்குக்குண்டையும் சேர்த்துப் பின்முனையில் தொங்கவிட்டேன். அசையவில்லை. ஊசி இல்லை. காவலாள் மேலும் கீழும் பார்த்தான், கீழே வளைவு இருந்தது, விட்டுவிட்டான்.

பதிவு மண்டபத்தில் எழுத்தர் தலை நிமிராமல் கேட்டார். "குழந்த பேரு?" "விபியா." "எங்க பிறந்தது?" சொன்னேன். "அம்மா பேரு?" மடிப்புக்குள் ஒரு கால் உதைத்தது. சொன்னேன். அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ரொம்ப நாளைக்கு அப்புறம் நல்லாக் கட்டின டோகா பாக்குறேன். யாருங்க கட்டிவிட்டது?"

"என் வீட்டுக்காரி" என்று சொன்னேன். வாய்க்கு வந்துவிட்டது. அவர் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார்.

ஆகவே, மாமா, குழந்தை பதிவாகிவிட்டது. நிபந்தனைப்படி அவள் இங்கேதான் இருப்பாள். நீங்கள் இத்தனை தூரம் சிரமப்பட்டு வர வேண்டாம். எனக்கு உதவி எதுவும் தேவையில்லை. துணியையும் பெண்ணையும் நானே நிறுத்திவிட்டேன். உங்கள் வீட்டு அடுப்புத் தெய்வமும் எங்கள் வீட்டு அடுப்புத் தெய்வமும் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்ளட்டும். அத்தைக்கும், சாயத்தொட்டியில் கை ஊதாவான எல்லோருக்கும் என் அன்பு.

நான் நலம்.

நுமேரியஸ்

பி.கு.: மாமா, வீட்டுக்கு வந்து நாலு மணி நேரம் ஆச்சு. இன்னும் அதே டோகாலதான் உக்காந்திருக்கேன். அவ உள்ள தூங்குறா. எந்திரிச்சா எல்லாம் அவுந்துரும். சுத்தத்தான் கத்துக்கிட்டேன், அவுக்குறதுக்குப் பின்னால ஒரு ஆளு வேணும்னு இப்பதான் தெரியுது. மேல எழுதினத விடுங்க. கிளம்பி வாங்க. அவளுக்குன்னு ஒண்ணும் கொண்டு வராதீங்க. ரெண்டு கையும் காலியா வாங்க.