உதயகலாவுக்கு வந்த படம்

உதயகலா அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்த நேரம் பார்த்துத்தான் அந்தப் படம் வந்தது. அனுப்பியவள் பாலேஸ்வரி, பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்த சிநேகிதி. படத்தின் கீழே ஒரு வரி: "கோவப்படாதை. உனக்குத் தெரியவேணும் எண்டுதான் அனுப்பிறன்."

ஊர்ச் சனசமூக நிலையத்தின் விளையாட்டுவிழாக் குழு வட்ஸ்அப்பில் கதைத்ததன் ஸ்கிரீன்ஷொட் அது. மருதனார்மடச் சந்தி வரைக்கும் கேட்கும் குரலில் ஒன்பது வருடமாக அந்த விழாவுக்கு அறிவிப்புச் செய்கிறவள் உதயகலா. ஆனால் அந்தக் குழுவில் அவள் இல்லை, பாலேஸ்வரி இருக்கிறாள்.

விளையாட்டுச் செயலாளர் ஜஸ்ரின் எழுதியிருந்தான்: "உதயகலா அக்கா மைக்கை எடுத்தால் நூறு மீற்றர் ஓடிறவங்கள் ஓடி முடிச்சு வீட்டையும் போயிடுவாங்கள்."

தலைவர் தம்பிஐயா நாலு சிரிப்பு மூஞ்சி போட்டிருந்தார்.

அதற்குக் கீழே பெயர் இல்லாமல் ஒரு வரி: "இந்தமுறை வேறை ஆளைப் போடுங்கோ. அவவுக்கு ஒருத்தரும் சொல்லேலாது, அழுதிடுவா."

உதயகலா சாப்பாட்டுப் பெட்டியை மூடிவைத்தாள். உடனே எழுதத் தொடங்கினாள். ஒன்பது வருட வெயில், தொண்டை கட்டியது, ஒரு முறை மைக்கில் கறண்ட் அடித்தது எல்லாவற்றையும் எழுதினாள். அனுப்பப் போன விரல் நின்றது. போன வருடம் வகுப்புக் குழுவில் மகள் சாருஜாவைப் பற்றி யாரோ ஏதோ எழுதியபோது இவள்தான் சொன்னாள், "கோவத்திலை ஒண்டும் அனுப்பாதை, ஒரு நாள் பொறு" என்று. மகளுக்குச் சொன்னதைத் தான் செய்யாவிட்டால் எப்படி? எழுதியதை எல்லாம் அழித்தாள்.

அடுத்த நிமிடம் போன் அடித்தது.

"என்னடி, பதினொரு நிமிசமா 'எழுதுகிறார்' எண்டு காட்டிக்கொண்டு நிண்டுது, பிறகு ஒண்டையும் காணேல்லை? என்ன எழுதினனி?"

"ஒண்டுமில்லை. பாத்தன்."

"வடிவாப் பாத்தனியே? கடைசி வரி வரைக்கும்?"

"ஓம். அனுப்பினதுக்கு நன்றி பாலேஸ். இப்ப ஒண்டும் சொல்ல விருப்பமில்லை. நாளைக்குக் கதைப்பம்."

"நன்றியோ?" பாலேஸ்வரியின் குரல் இறங்கிப்போனது. "நன்றி மட்டும்தானோ?"

போனை வைத்த பிறகு உதயகலாவுக்குத் தன் அமைதி தனக்கே பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில் ஒரு பிழை செய்தாள். யாரையும் தாக்காமல், தான் கலங்கவில்லை என்று காட்ட, நல்லூர்க் கோபுரப் படம் ஒன்றை எடுத்து "முருகா, நீயே துணை" என்று எழுதி வட்ஸ்அப் ஸ்ரேற்றஸில் போட்டாள்.

பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது படலையில் மூன்று பேர் நின்றார்கள். ஒருவர் கையில் பால்மா ரின், இன்னொருவர் கையில் தோடம்பழம்.

"ஸ்ரேற்றஸ் பாத்தம். ஆருக்குப் பிள்ளை கடுமையாச் சுகமில்லை?" என்று கேட்டார் தோடம்பழக்காரர்.

"ஒருத்தருக்கும் இல்லை ஐயா."

"எங்களுக்கு மறைக்க வேண்டாம்."

மறைக்க எதுவும் இல்லை என்று நிரூபிக்க மூவருக்கும் தேத்தண்ணி வைக்க வேண்டியதாயிற்று. அவள் சிரித்துச் சிரித்துக் கதைக்க, அதிர்ச்சியில்தான் இப்படிச் சிரிக்கிறாள் என்று அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் போனதும் ஸ்ரேற்றஸை அழித்தாள். அழித்ததைப் பார்த்து இன்னும் ஆறு பேர் கேட்டார்கள், "ஆள் முடிஞ்சுதோ?" என்று.

ஏழாவதாக ஜஸ்ரின். "அக்கா, ஏதும் உதவி வேணுமெண்டால் சொல்லுங்கோ. இரத்தம் வேணுமெண்டாலும் ஆக்கள் இருக்கினம்."

உதயகலா அந்தச் செய்தியை வெகுநேரம் பார்த்தாள். தன்னைக் கேலி செய்த அதே ஆள்தான் இப்போது இரத்தம் தரவும் ஆயத்தமாக நிற்கிறான். ஒரு படத்தில் மூன்று வரிதான் தெரிகிறது. அதற்கு மேலே என்ன கதைத்தார்கள், கீழே என்ன கதைத்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது.

மறுநாள், சொன்ன ஒரு நாள் முடிந்த பிறகு, ஜஸ்ரினுக்குப் போன் எடுத்தாள். படத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தாள். சொன்னால் யார் அனுப்பியது என்ற கேள்வி வரும், பாலேஸ்வரி மாட்டுப்படுவாள்.

"ஜஸ்ரின், ஒண்டு கேக்கிறன், உண்மையைச் சொல்லும். போனமுறை நான் மைக்கிலை கனக்கக் கதைச்சுப் போட்டனோ?"



"ஏனக்கா திடீரெண்டு கேக்கிறியள்?"

"வாறமுறை திருத்தலாம் எண்டுதான்."

"குறை நினையாதையுங்கோ." அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "நூறு மீற்றர் தொடங்கேக்கை நீங்கள் கோப்பை தந்தவரின்ரை வாழ்க்கை வரலாறு வாசிச்சுக்கொண்டிருந்தனியள். பிள்ளையளுக்கு விசில் கேக்கேல்லை. பாதிப்பேர் ஓட, மற்றப் பாதி நிண்டிட்டுது. திருப்பி ஓடவிட்டம். முதல் ஓட்டத்திலை வெண்ட ஒரு சின்னப் பெட்டை ரெண்டாவதிலை நாலாவதா வந்திது. அது அழுதுகொண்டு போனது."

உதயகலாவுக்கு நினைவு வந்தது. அந்தப் பிள்ளை அழுதுகொண்டு தன் மேசையைக் கடந்து போனதை அவள் பார்த்திருந்தாள். காலில் ஏதோ குத்திவிட்டது என்று நினைத்து, "பெற்றோர்களே, மைதானத்தில் முள் கவனம்" என்று அறிவித்தும் இருந்தாள்.

"எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

"எப்பிடி அக்கா சொல்லுறது? நீங்கள் அவ்வளவு ஆசையாச் செய்யிறியள்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப ஓட்டத்துக்கு வேறை ஆள் அறிவிக்கட்டும். பேரும் இலக்கமும் மட்டும். பரிசு குடுக்கேக்கை நான் வாறன்."

"அதைத்தான் அக்கா நாங்களும்..." என்று தொடங்கிய ஜஸ்ரின் அப்படியே இருமலுக்கு மாறினான். உதயகலா கேட்காதது போல "சுகமா இரும்" என்று சொல்லி வைத்தாள்.

மனம் லேசாகியிருந்தது. இனி இந்தப் படம் போனில் எதற்கு என்று அழிக்கப் போனவள், அதற்கு முன் சாருஜாவைக் கூப்பிட்டாள்.

"பிள்ளை, இதிலை எல்லாருக்கும் பேர் இருக்கு. இந்தக் கடைசி ஆளுக்கு மட்டும் ஏன் பேர் இல்லை?"

சாருஜா ஒரு முறைதான் பார்த்தாள். "அம்மா, வலப்பக்கத்திலை பச்சையா இருக்கிறது படம் எடுத்த போன்காரர் எழுதினது. தன்ரை போனிலை தன்ரை பேர் வராது. ஆர் இதை எடுத்தது?"

உதயகலா படத்தை அனுப்பியவளின் பெயரைத் திரும்பவும் பார்த்தாள்: பாலேஸ்வரி.

வேறு ஆளைப் போடுங்கோ. அழுதிடுவா. அதை எழுதிய கையேதான் அவளுக்குப் படத்தையும் அனுப்பியிருக்கிறது. ஜஸ்ரினின் கேலி இப்போது ஒன்றுமில்லாததாகத் தோன்றியது. இது வேறு விதமாக நொந்தது. போனை எடுத்தாள், வைத்தாள். திரும்பவும் ஒரு நாள் பொறுக்க முடிவு செய்தாள். அந்த நாள் முந்தியதைவிட நீளமாக இருந்தது. கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டாள், சாருஜா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள்.

மூன்றாம் நாள் பின்னேரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலேஸ்வரி வீட்டுக்குப் போனாள். போகும் வழியெல்லாம் என்ன கேட்பது என்று சொல்லிப் பார்த்தாள். "ஏன் எனக்கு நேரே சொல்லேல்லை?" அது போதும். கத்துவதில்லை, அழுவதில்லை. அழுதால் அவள் எழுதியது சரியாகிவிடும்.

படலையைத் திறந்ததும் குசினிக் கதவு படாரென்று சாத்திய சத்தம் கேட்டது. பாலேஸ்வரியின் புருஷன் கேதீஸ்வரன் முற்றத்தில் நின்று பூக்கண்டுக்குத் தண்ணி விட்டுக்கொண்டிருந்தார். பொதுவாக நாலு சொல்லுக்கு மேல் கதைக்காத மனுஷன்.

"அண்ணை, பாலேஸ் உள்ளை இருக்கிறாவோ?"

"இருக்கிறா. மூண்டு நாளாச் சரியாச் சாப்பிடவும் இல்லை."

"அவவோடை ஒரு கதை கதைக்கவேணும்."

கேதீஸ்வரன் வாளியைக் கீழே வைத்தார். குசினிப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கண்டுபிடிச்சிட்டியள் போலை, நல்லதாப் போச்சு. வாயாலை சொல்லப் பயமெண்டுதான், தங்கச்சி, அவ தன்ரை வரியை வெட்டாமல் அனுப்பினவ."