ஹேண்டோவர் கொண்டுபோன பொங்கல் சீர்

சூரியன்கூட நிலாவிடம் வானத்தை விட்டுப்போகும்போது எதையாவது சொல்ல மறந்திருக்கலாம். எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் குடியிருந்த ‘ஹேண்டோவர்’ மறந்ததே கிடையாது. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பார்க்கிறவர். ஷிஃப்ட் முடிந்து அடுத்த ஆளிடம் ஒப்படைக்கும்போது மூன்றே மூன்று விஷயம் சொல்வார். ஓடுறது, நிக்கிறது, பாத்துக்க வேண்டியது.

“ரெண்டு ஓடுது. மூணு நிக்குது. நாலுல உருளை சூடா இருக்கு, பாத்துக்க.”

யாரால் நின்றது என்று எவனாவது கேட்டால் முகம் சுளிப்பார். “அதச் சொன்னா ஒப்படைப்பு இல்ல தம்பி. அது என்கொயரி.”

வீட்டிலும் அதே கதைதான். மந்தாரக்குப்பம் சந்தையிலிருந்து வந்ததும் வாசலில் நின்றே மனைவியிடம், “தக்காளி ஓடுது. முருங்க நிக்குது. கத்திரிக்கா ஒண்ணுல பூச்சி, பாத்துக்க” என்பார். முடிவெட்டுகிறவரிடம் தலையை ஒப்படைக்கும்போதும் இடது காதோரம் பற்றி ஒரு தனிக் குறிப்பு உண்டு.

இப்படிப்பட்டவர் குறிஞ்சிப்பாடியில் இருக்கும் கூடப்பிறந்த தங்கையோடு பதினோரு வருஷமாகப் பேசவில்லை. இவர் மகள் கல்யாணப் பத்திரிகையில் தங்கை புருஷன் பேர் இல்லாமல் அச்சாகிவிட்டது. தங்கை புருஷனும் வீட்டு மாப்பிள்ளைதானே, அவர் பேர் விட்டுப்போவது சின்ன விஷயமா? அந்தக் கல்யாணத்துக்கு அவர்கள் வரவில்லை. அடுத்த பொங்கலுக்கு இவர் சீர் கொண்டுபோகவில்லை. அப்படியே உறைந்துவிட்டது.

அந்த ஜனவரிக் கடைசியில் அவருக்கு ரிட்டயர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஓசூரில் மகன் வீட்டுக்குப் போக வேண்டும். இந்தப் பொங்கலை விட்டால் பிறகு தங்கை வீட்டு வாசலை மிதிக்க வழியில்லை என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

உட்கார்ந்து நாலு பக்கம் கடிதம் எழுதினார். எதிர்வீட்டுக்காரனான என்னைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். பக்கத்துக்கு இரண்டு தடவை ‘உன்மேல் தப்பு என்று சொல்லவில்லை’ என்றிருந்தது. பிரஸ்காரன், புரூஃப் பார்த்தவன், கல்யாணத்துக்கு வராதவர்கள் என்று வரிசையாகச் சாட்சிகள்.

கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி முறத்தைக் கீழே வைத்தார். “மைன்ஸ்ல ஊரான்கிட்ட ஒழுங்கா ஒப்படைக்கிறீங்க. கூடப்பொறந்தவகிட்ட மட்டும் என்கொயரி வெச்சிக்கினு இருக்கீங்களே.”

ஹேண்டோவர் நாலு பக்கத்தையும் மடித்து வைத்தார். பிறகு ஒரு இன்லண்ட் கடிதம் வாங்கி வந்தார். அதை மாப்பிள்ளை பேருக்கே எழுதினார். மனக்குறை அவருடையது அல்லவா. ‘நாங்கள் சுகம். போகிக்கு முதல் நாள் காலை பஸ்ஸில் சீர் கொண்டு வருகிறேன். ரெண்டாம் ஷிஃப்ட் இருப்பதால் உடனே திரும்பிவிடுவேன். அன்று வீட்டில் இருக்கத் தோதுப்படாவிட்டால் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டு வருகிறேன்.’ அவ்வளவுதான். வேண்டாம் என்றால் முகம் பார்க்காமலே விலகிக்கொள்ள அவர்களுக்கும் ஒரு வழி.

புறப்படும் நாள் காலையில் பார்த்தால் வாசலில் பதினோரு கட்டுக் கரும்பு. பாக்கி வைத்த வருஷத்துக்கு ஒன்றாம்.

“எல்லாத்தையும் எறக்கி வெச்சா, பேசாத ஒவ்வொரு வருஷத்தையும் சொல்லிக் காட்டுற மாதிரி இருக்கும்” என்றார் மனைவி. “வழக்கமா குடுக்கிறத மட்டும் எடுத்துக்கினு போங்க.”

ஒரு ஜோடிக் கரும்பு, மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லம், பானை, சேலை வேட்டி. மிச்சக் கரும்பை எங்கள் பிளாக் முழுக்க ஒரு வாரம் கடித்தது. பல் ஆடாத வீடு இல்லை.

துணைக்கு நானும் போனேன். மாப்பிள்ளை நெசவுக்காரர். நாங்கள் வாசலில் நிற்பது தெரிந்தும் உள்ளே தறிச் சத்தம் நிற்கவில்லை. தங்கை கதவைத் திறந்தார். அண்ணனைப் பார்க்காமல் மஞ்சள் கொத்தை மட்டும் வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றார். கடைசியில் தறி நின்றது.

“பத்திரிகைல பேரு இல்லாதவன் வூடு இது. அட்ரஸ் தெரிஞ்சிதா?” என்றபடி வந்தார் மாப்பிள்ளை.

நான் ஹேண்டோவரின் முகத்தைப் பார்த்தேன். ‘பிரஸ்காரன்’ என்ற சொல் அவர் நாக்கு நுனிவரை வந்தது தெரிந்தது. விழுங்கினார்.

“ஆமாங்க மாப்ள. பேரு இல்லாமத்தான் போச்சு.”

அதற்குமேல் ஒரு சொல் இல்லை. ‘ஆனால்’ இல்லை. மாப்பிள்ளை அந்த ‘ஆனால்’ வரட்டும் என்று காத்திருந்தார். வரவில்லை.

“தறி ஓடுதுங்களா?” என்று கேட்டார் இவர்.

மாப்பிள்ளை உள்ளே தறியைத் திரும்பிப் பார்த்தார். “ஒண்ணு ஓடுது. ஒண்ணு நிக்குது.”

“எனக்கு சுகர் ஓடுது. முட்டி நிக்குது.”

தங்கைதான் முதலில் சிரித்தார். சிரித்தபடியே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். “முட்டிய வெச்சிக்கினு ஏன் நிக்கிற? உள்ள வந்து உக்காருண்ணே.”

காபி குடித்தோம். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். கடிதத்தில் எழுதியபடி ஷிஃப்டைச் சொல்லி ஹேண்டோவர் எழுந்தார். பஸ்ஸில் அவர் மடியில் வடை ஒரு பொட்டலம் இருந்தது.  வழி நெடுக ஒரு வடைகூட எனக்குக் கொடுக்கவில்லை.

காணும் பொங்கலன்று தங்கையும் மாப்பிள்ளையும் குவார்ட்டர்ஸுக்கே வந்துவிட்டார்கள்.

மாசக் கடைசியில் லாரி கிளம்பும்போது ஹேண்டோவர் என் வாசலுக்கு வந்தார். “குழாய் ஓடுது. ஹால் ஃபேன் நிக்குது. புதுசா வர்றவங்ககிட்ட சொல்லிடு.” கொஞ்சம் தயங்கினார். “தங்கச்சி இந்தப் பக்கம் வந்தா, பாத்துக்க.”

இன்றைக்கும் பொங்கலுக்கு முன்னால் குறிஞ்சிப்பாடிக்கு ஒரு ஜோடிக் கரும்பு கொண்டுபோகிறேன். ஹேண்டோவர் எனக்குச் சொந்தமில்லை. தங்கையை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனவர், அவ்வளவுதான்.