கிரேஸ் அக்காவின் தீயலும் என் பாராட்டும்

எனக்கு அளவாகப் பாராட்டத் தெரியாது. இதை ஒரு நோயாக எந்த டாக்டரும் ஒப்புக்கொள்ளவில்லை என்பதால் மருந்தில்லாமலே நாற்பத்திரண்டு வயது வரை வந்துவிட்டேன். கல்யாண வீட்டில் பந்தியில் உட்காரும் முன்பே ‘சாப்பாடு பிரமாதம்’ என்று பெண்ணின் அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். (அவர், ‘இன்னும் இலையே போடல்லியே தம்பி’ என்றார். அப்போதாவது நான் திருந்தியிருக்க வேண்டும்.)

எங்கள் வீடு இரணியலில், ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரம். பக்கத்து வீடு கிரேஸ் அக்கா. கைப்பக்குவத்துக்குப் பேர்போனவர். தேவாலயச் சபையில் விருந்து என்றால் அவியலுக்குத் தேங்காய் அரைப்பது யார் என்று கேள்வியே எழாது. மகள் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு, ‘சும்மா இருந்து சுவரப் பாக்கதுக்கு நாலு பேருக்குச் சோறு போடலாம்லா’ என்று சொந்த அடுக்களையிலேயே மதியச் சாப்பாட்டு வியாபாரம் தொடங்கினார். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, அந்த எண்ணை ஸ்டிக்கராக அடித்து, தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்து, மூடி இறுகப் பூட்டுகிற டப்பாக்களை நாகர்கோவிலில் கடை கடையாக ஏறி வாங்கினார். முந்தின நாள் சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப்பில் சொல்லிவிட வேண்டும். மறுநாள் பன்னிரண்டு மணிக்குள் அவருடைய வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் கொண்டுவந்து தருவார். முதல் நாளுக்கு இருபத்திரண்டு பேர் சொல்லியிருந்தோம். சோறு, சாம்பார், அவியல், பயறுத் தோரன் (பொரியல்தான்), தேங்காயை வறுத்தரைத்த உள்ளித் தீயல் (வெங்காயக் குழம்பு).

முதல் நாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மதில் மேலாக அக்கா என்னைக் கூப்பிட்டார்.

“மக்கா, நாளைக்கு நீ தின்னுட்டு எனக்கு நேரச் சொல்லணும் கேட்டியா. உப்பு எப்பிடி, சோறு போதுமா, ஆறிப்போன பெறவு கறி எப்பிடி இருக்குன்னு. எனக்கு அதுதான் வேணும். சூடா இருக்கும்போ எல்லாம் நல்லாத்தான் இருக்கும்.”

“அக்கா, ஒங்க கைக்கு என்ன கொறச்சல்? நாளைக்கு ஊரே ஒங்க பொறத்தால நிக்கும் பாருங்க!” என்றேன்.

“அதக் கேக்கல்லியே நான்” என்றார் அக்கா.

(மூன்று கேள்விகள் கேட்டார். ஒன்றுக்கும் பதில் சொல்லாமல் வாழ்த்தினேன். இதுதான் என் பாணி.)

திங்கட்கிழமை காலை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சொந்தக் கடை திறப்பது போல ஒரு பரபரப்பு. ஏழு மணிக்கே போன் போட்டு, ‘அக்கா, இன்னைக்கு ஒங்க நாள்!’ என்றேன். அவர் ஏதோ சொல்ல வந்தார், நான் விடவில்லை. அக்காவின் துணிச்சல், பெண்களின் முன்னேற்றம், இரணியலின் எதிர்காலம் என்று ஒரு வட்டம் அடித்து முடிக்க எட்டு நிமிடம் ஆயிற்று. ‘சரி மக்கா, வைக்கேன், வைக்கேன்’ என்று அக்கா நடுவில் நாலு தரம் சொன்னது அடக்கத்தால் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் வேலை பார்ப்பது ஒரு காப்பீட்டு அலுவலகத்தில். பதினொன்றே முக்காலுக்கு டப்பா என் மேசைக்கு வந்தது. வந்த அதே நிமிடம் மேலாளர் கூட்டத்துக்குக் கூப்பிட்டார். பன்னிரண்டரை ஆயிற்று, அவர் விடவில்லை. மேசைக்குக் கீழே போன் அதிர்ந்தது. தெருவின் வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொருவராகச் சாப்பாட்டைப் படம் எடுத்துப் போடத் தொடங்கியிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரன் நான்; முதல் வாழ்த்து என்னுடையதாக இருக்க வேண்டாமா? படங்களைப் பார்க்கக்கூட நேரமில்லை. மேசைக்கு அடியிலேயே தட்டினேன்:

‘கிரேஸ் அக்காவின் உள்ளித் தீயல்! இப்படி ஒரு தீயலை என் வாழ்நாளில் சாப்பிட்டதில்லை. வறுத்த தேங்காயின் வாசனை இன்னும் விரலில் இருக்கிறது. கடைசிச் சொட்டு வரை வழித்துச் சாப்பிட்டேன். அக்கா, நீங்கள் வேற லெவல்!’

அனுப்பிவிட்டு நிமிர்ந்தேன். மேலாளர் ஏதோ கேட்டிருந்தார். அவரிடமும் ‘அருமை சார்’ என்றேன்.

ஒன்றேகாலுக்கு மேசைக்கு வந்து டப்பாவைத் திறந்தேன். உள்ளே சின்ன டப்பாக்களில் சோறு, சாம்பார், அவியல், தோரன், இரண்டு ரசவடை (பருப்புவடைக்கு எங்கள் ஊர்ப் பெயர்). தீயலைக் காணவில்லை. சோற்று டப்பாவின் மேல் நாலாக மடித்த ஒரு துண்டுத் தாள், அக்காவின் உருண்டை எழுத்தில்:

‘தேங்காய் வறுத்தது கருகிவிட்டது. கசக்கிறது. கசக்கிற தீயலைக் கொடுக்க மனது வரவில்லை. யாருக்கும் தீயல் இல்லை. பதிலுக்கு ரசவடை வைத்திருக்கிறேன். மன்னிக்கணும்.’

நான் அந்தத் தாளை மூன்று தரம் வாசித்தேன். மூன்றாவது தரமும் அதுதான் எழுதியிருந்தது.

போனை எடுத்தேன். குழுவில் முப்பத்தாறு செய்திகள். முதலில் சிரிப்பு முகங்கள்தான் இருக்கும் என்று நினைத்தேன். அப்படி இருந்திருந்தால் நல்லது. ரயில்வேயில் ஓய்வுபெற்ற தங்கப்பன் அண்ணாச்சி, எங்கள் தெருவில் நியாயத்துக்கென்றே பிறந்தவர், இப்படி எழுதியிருந்தார்: ‘யாருக்கும் தீயல் இல்லை என்று எனக்குச் சீட்டு வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்கு மட்டும் போயிருக்கிறது. முதல் நாளே ஆள் பார்த்துப் பரிமாறுவது சரியா?’ அதன் கீழே இன்னொருவர், ‘கருகியது என்றதெல்லாம் சும்மாவா?’ வேறொருவர், ‘நாளைக்கு எனக்கு வேண்டாம்.’ அவரைப் பார்த்து இன்னும் இருவர், ‘எனக்கும்.’

ஒரு கறி சரியில்லை என்றதும் இருபத்திரண்டு பேருக்குக் கையால் எழுதி உண்மையைச் சொன்ன பெண் இப்போது பொய்க்காரி. தின்னாத கறியின் வாசனையை விரலில் வைத்துக்கொண்டிருந்த நான் சாட்சி!

என் மனைவி சுபாவுக்குப் போன் போட்டேன். அவள் குழுவைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

“ஏட்டி, அந்தச் செய்திய அழிச்சிரட்டுமா?”

“அழிச்சா என்ன ஆவும்? ‘அழிச்சிட்டாரு பாத்தியளா’ன்னு அண்ணாச்சி அடுத்தது எழுதுவாரு. தின்னல்லன்னு எழுதுங்க.”

“மானம் போவும்டி.”

“ஒங்களுக்குப் போனாப் போட்டும். அக்காவுக்கு நாளைக்கு அரிசி வெந்தாவணும்லா?”

எழுதினேன். பாலிசி நிராகரிப்புக் கடிதங்கள் எத்தனையோ எழுதியவன். இவ்வளவு கஷ்டப்பட்டு ஒன்றை எழுதியதில்லை. ‘அக்கா எனக்கும் தீயல் தரவில்லை. யாருக்குமே இல்லை. நான் டப்பாவைத் திறக்காமலே எழுதினேன். சாப்பிடவே இல்லை. பொய் சொன்னது நான், அக்கா அல்ல.’ கூடவே என் டப்பாவையும் சீட்டையும் படம் எடுத்துப் போட்டேன்.

பிறகு அண்ணாச்சி: ‘அப்படியானால் விரலில் இருந்த வாசனை?’

அதற்குப் பிறகுதான் சிரிப்பு முகங்கள் வந்தன. எண்ணவில்லை, எண்ண முடியாது. ஆனால் வேண்டாம் என்றவர்கள் மூவரும் ஒவ்வொருவராக, ‘நாளைக்கு ஒன்று’ என்று எழுதினார்கள். எனக்கு உயிர் வந்தது. அதன்பின்தான் சாப்பிட்டேன், வாழ்க்கையில் முதல்முறையாக ஒவ்வொரு வாயையும் கவனித்து.

சாயங்காலம் நேராக அக்கா வீட்டு அடுக்களைக்குப் போனேன். அக்கா டப்பா மூடிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று தயாராகத்தான் போயிருந்தேன்.

“தீயல் ஏன் கருகிச்சுன்னு தெரியுமா ஒனக்கு?” என்றார்.

“தெரியாதுக்கா.”

“தேங்கா செவந்து வரும்போ எறக்கணும். எறக்குன பெறவும் இரும்புச் சட்டி சூட்டுல அது வறுபட்டுக்கிட்டேதான் இருக்கும். ஒடனே வேற பாத்திரத்துல தட்டணும். அந்த நேரத்துல ஒருத்தன் போன் போட்டு வாழ்த்துனான். எட்டு நிமிசம்.”

கறியைக் கருக்கியதும் நான், அதைப் புகழ்ந்ததும் நான். ஒரே நாளில் இவ்வளவு சேவை செய்த பக்கத்து வீட்டுக்காரன் குமரி மாவட்டத்தில் வேறு எவனாவது உண்டா?

“சரி, அது போட்டும். நான் கேட்டதுக்கு இப்பமாவது பதில் சொல்லு. நெசமாட்டுத் தின்னியா?”

“தின்னேன்க்கா.”

“சொல்லு பின்ன.”

வாயைத் திறந்தேன். ‘சூப்பர்’ தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கினேன். அங்கே ஒரு வெற்றிடம். இத்தனை வருடம் அந்த ஒரு சொல்லை வைத்தே பிழைத்தவனுக்கு அடுத்த சொல் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. பையப் பைய வந்தது.

“தோரன்ல பயறு கொழையல்ல. ஒண்ணொண்ணாட்டு நின்னுது. ஒரு மணிக்கு மேல ஆறிப்போயும் நல்லா இருந்துது. எனக்கு அதுதான் ரெம்பப் பிடிச்சுது. சோறு ஒரு ஆளுக்குப் போதும், மிஞ்சல்ல. சாம்பார்ல உப்பு ஒரு நுள்ளு கொறவு.”

அக்கா துடைப்பதை நிறுத்தினார். “ம். அவியல்?”

தயங்கினேன். அவியல் அவருடைய பெருமை.

“சொல்லு மக்கா. நாளைக்கும் அவியல் உண்டு.”

“ருசி ஒங்க ருசிதான்க்கா. பச்சத் தேங்கா எண்ண வாசம் எல்லாம் இருந்துது. ஆனா மூடிக்கு அடியில தண்ணி கோத்துக் கெடந்துது. ஓரத்துல லேசாட்டுப் புளிப்பு. கெட்டுப்போவல்ல. இன்னும் ஒரு மணிநேரம் போயிருந்தா போயிருக்கும்.”

சொல்லிவிட்டு அடிவாங்குகிறவன் போல நின்றேன். அக்காவின் முகம் ஒரு கணம் வாடியது. அதை நான் பார்த்தேன். மறுகணம் ஒரு மூடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“சூட்டோட அடைச்சேன்லா! ஆவி எங்க போவும்? தேங்காயும் தயிரும் வேற.” கண்கள் மின்னின. “நாளைக்கு அகலத் தாம்பாளத்துல பரத்தி ஆற வைக்கேன். தயிருக்குப் பதிலு மாங்கா போடுவேன். இதச் சொல்ல ஒருத்தரும் இல்லியே இன்னைக்கு! எல்லாரும் ‘சூப்பர் சூப்பர்’ன்னு அனுப்பியிருக்கானுவ. அத வச்சு நான் என்ன செய்யது?”

அவர் உற்சாகம் எனக்கும் தொற்றிக்கொண்டது. அரைமணி நேரம் இருவரும் மூடிகளைப் பற்றியே பேசினோம். கிளம்பும்போது, உள்ளபடியே தோன்றியதால், ஒன்று சொன்னேன்: “அக்கா, கருகுன கறியக் குடுக்காம சீட்டு எழுதி வச்சியள்ளா, அதுக்காகவே நான் தெனமும் வாங்குவேன்.” அக்கா ஒரு ரசவடையை எடுத்து என் கையில் வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை அவியல் இரண்டு மணிக்கும் அப்போது இறக்கியது போல இருந்தது. சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவி, அதற்குப் பிறகே குழுவில் எழுதினேன்: ‘அவியல் கொள்ளாம். மாங்காய் சரியான புளிப்பு.’ எங்கள் ஊரில் ‘கொள்ளாம்’ என்று சொன்னால் அதற்கு மேல் சான்றிதழ் கிடையாது. தங்கப்பன் அண்ணாச்சி உடனே கேட்டார்: ‘திறந்து பார்த்தாச்சா?’

இன்றைக்கு அக்காவிடம் தினம் எழுபது டப்பா போகிறது. உதவிக்கு இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். புதிதாக ஒரு கறி சேர்த்தால் முதல் டப்பா எனக்கு. ஆனால் காலை எட்டு மணிக்கு முன்னால் என் எண்ணிலிருந்து போன் வந்தால் அக்கா எடுப்பதில்லை. இது அங்கே சட்டம்.

எங்கள் வீட்டிலோ நிலைமை இன்னும் மோசம். போன வாரம் என் மகள் ஓவியப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தாள். “அப்பா, ஒரு படம் வரஞ்சேன்!”

“அருமை மக்கா! என்ன அழகு!” என்றேன். பழக்க தோஷம்.

அவள் புத்தகத்தைத் திறக்கவில்லை. அடுக்களைப் பக்கம் திரும்பிக் கத்தினாள்: “அம்மா, அப்பா இன்னொரு தீயல் தின்னாச்சு!”