உப்பில்லாத இல்லமும் ஒன்பது மணி அறிக்கையும்

கோயம்புத்தூர்,
இல்லத்தின் விருந்தினர் அறை.

மரியாதைக்குரிய தண்டபாணி மாமாவுக்கு,

குழந்தைவேல் வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் தங்கள் மூட்டுவலியும் ஒருவரோடொருவர் அனுசரித்துப் போவீர்கள் என்று நம்புகிறேன். அப்பா இருக்கும் இந்த முதியோர் இல்லத்தில் தாங்களும் சேரலாமா என்று கேட்டிருந்தீர்கள். டல்லாஸில் உட்கார்ந்துகொண்டு சொன்னால் சரிவராதென்று, முன்னறிவிப்பில்லாமல் இன்று நேரிலேயே வந்துவிட்டேன்.

முதலில் கவனிப்பு. ஆறு பேருக்கு ஓர் உதவியாள் என்று விளம்பரத்தில் இருக்கிறது. பொய்யில்லை. மணியை அடித்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலே நிமிடத்தில் ஒரு பெண் வந்து, "ஏனுங்க, பெல் அடிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். எதற்கு அடித்தேன் என்று கேட்க இன்னொருத்தி வந்தாள். மாத்திரையை விழுங்கியதும் அப்பா வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும், நர்ஸ் ஜாக்குலின் அட்டையில் டிக் போடுவார். முப்பத்திரண்டு வருஷம் தாலுகா ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவாக ஊரையே அதட்டிய மனுஷன், மாமா!

சாப்பாடு அமோகம். உப்பை வாசலிலேயே தடுத்து நிறுத்திவிடுகிறார்கள். புதன்கிழமை அரிசிம்பருப்பு சாதம் உண்டு, ஆனால் சர்க்கரைக்காரர்களுக்கு அதன் வாசனை மட்டும், தட்டில் சப்பாத்தி. பல் இல்லாதவர்களுக்கு எல்லாவற்றையும் மிக்சியில் அடித்து ஒரே நிறத்தில் கொடுக்கிறார்கள், சமத்துவம் தழைக்கிறது. ஆறரைக்கு இரவுச் சாப்பாடு. எனக்கும் ஒரு தட்டு வந்தது. அப்படியே திருப்பி அனுப்பிவிட்டேன்.

குடும்பத்தோடு தொடர்பு என்று ஒன்று வைத்திருக்கிறார்களே, அதுதான் சிகரம். தினமும் இரவு ஒன்பதுக்கு வாட்ஸப்பில் அறிக்கை வரும். எனக்கு அது காலை ஆபீஸ் மீட்டிங் நேரம். "மேற்படி நபர் காலை இட்லி இரண்டு உட்கொண்டார். இரத்த அழுத்தம் 130/80. மலம் திருப்திகரம். மனநிலை சாதாரணம்." பெற்ற தகப்பனைப் பற்றி இப்படியா எழுதுவார்கள்? ஏதோ பட்டா மாறுதல் உத்தரவு போல! நானும் தினம் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

முன்பெல்லாம் அப்பா மீட்டிங் நடுவில் போன் செய்து மழை பெய்ததா, கார் ஓடுகிறதா என்று கேட்பார். சகிக்கமுடியாமல் அறிக்கை வரும் எண்ணுக்கே எழுதினேன்: "வேலை நேரத்தில் சும்மா சும்மா கூப்பிட வேண்டாம் என்று அவரிடம் சொல்லவும். தொந்தரவாக இருக்கிறது." உடனே பதில் வந்தது: "தகவல் உரியவரிடம் சேர்க்கப்பட்டது." அன்றோடு போன் நின்றது. இந்த இல்லம் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் என்று மெச்சிக்கொண்டேன். ஆனால் மூன்று மாதமாகியும் ஓர் அழைப்பு இல்லை, மாமா. நான் கூப்பிட்டாலும், "நல்லாருக்கேன் சாமி, வெச்சர்றேன்" என்று வைத்துவிடுகிறார். மனுஷனை என்ன செய்தார்கள் இவர்கள்? பயமாக இருக்கிறது.

அதனால் வெள்ளிக்கிழமை அவரை இங்கிருந்து கிளப்பி பீளமேட்டில் வேறு இல்லத்துக்கு மாற்றுகிறேன். மேனேஜரிடமும் சொல்லிவிட்டேன். அப்பா, "நான் வரல. எனக்கு இங்க வேல இருக்குது" என்கிறார். எண்பத்தோரு வயதில் என்ன வேலையோ! தாங்கள் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லவும். மருதமலையான் தங்கள் முழங்காலைக் காக்கட்டும்.

தங்கள் மருமகன்,
குழந்தைவேல்

பி.கு.: இதை மடிக்கும்போது ஒன்பது அடித்தது. என் போனில் அறிக்கை வந்தது. "மேற்படி நபரின் மகன் வந்துள்ளார். இளைத்திருக்கிறார். இரவு உணவு உட்கொள்ளவில்லை. மனநிலை: கோபம்."

என்னைப் பற்றி எழுத இவன் யார் என்று கீழே ஓடினேன். நர்ஸ் மேஜையில், மூக்குக் கண்ணாடியோடு, இல்லத்தின் போனை ஒற்றை விரலால் தட்டி அணைத்துக்கொண்டிருந்தார் அப்பா.

"எனக்கு ஊசி போடவே நேரம் பத்தலீங்க. வந்த முதல் வாரமே ஐயா இந்த அறிக்கை வேலைய வாங்கிக்கிட்டாரு," என்றார் ஜாக்குலின். "பன்னெண்டு வீட்டுக்கும் அவருதான் எழுதறாரு. உங்களுக்குத்தான் கடைசில, நிதானமா."

மாமா, நான் அவமானத்தில் குறுகிப்போனேன். நான் எழுதியதையெல்லாம் அவர்தான் படித்திருக்கிறார். "ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

"சொன்னா தொந்தரவுன்னு இதையும் நிறுத்தச் சொல்லிருவியே," என்றார் திரும்பாமலே. "நீ படிச்சா ரெண்டு நீலக்கோடு வருமல்லோ. அது வர்ற வரைக்கும் உக்காந்திருந்துட்டு, அப்பறம் போய்ப் படுத்துக்குவேன்."

மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிடுங்கள்.