கேட்காமல் எடுத்த முகம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே வல்லம் வடகால் சாலையில் நீண்ட வரிசை. ரேஷனுக்கு இல்லை, தடுப்பூசிக்கும் இல்லை. எதிர்காலத்தைப் படம் பிடித்துக் கையில் கொடுக்கிறாராம் முன்காட்சிச் சித்தர். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் வந்தவர்கள், அம்மனுக்கு மாலை போட்டவர்கள், சர்ச்சுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தவர்கள், எல்லாருக்கும் ஒரே வரிசை. ஏமாறுவதில் மட்டும் நம் ஊரில் பேதமே கிடையாது.

சித்தரின் முறை எளிது. உங்கள் போட்டோவை அவர் வாட்ஸப்புக்கு அனுப்ப வேண்டும். எந்தக் கம்பெனியில் கான்ட்ராக்ட் என்று சொல்ல வேண்டும். காணிக்கை வைக்க வேண்டும். திரைக்குப் பின்னால் போவார், மணி அடிக்கும், கற்பூரம் மணக்கும். சூடு ஆறாத ஒரு படத்தோடு வெளியே வருவார். அதில் நீங்கள் நிரந்தர வேலைக்கான ஆர்டரை வாங்கிக்கொண்டிருப்பீர்கள். மூன்று காலமும் தெரிந்தவருக்குக் கம்பெனி பெயர் மட்டும் எப்படித் தெரியவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை.

இதெல்லாம் இசைவாணிக்குத் திங்கட்கிழமைதான் தெரிந்தது. ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் அவள் ஹெச்.ஆர். அலுவலர். பிரஸ் பிரிவில் நாலு வருஷமாக கான்ட்ராக்டில் இருக்கும் யேசுராஜ் இனிப்புப் பெட்டியோடு அவள் மேசை முன்னால் வந்து நின்றார்.

"மேடம், ஆர்டர் எப்ப தர்றீங்க?"

"எந்த ஆர்டர்?"

அவர் படத்தை நீட்டினார். பச்சைப் புடவை, இடுப்பு வரை சடை, முகம் நிறையச் சிரிப்பு. இசைவாணி யேசுராஜுக்குக் கவர் கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒன்று நடக்கவே இல்லை. ஆனால் முகம் அவளுடையது. இடது புருவத்துக்கு மேலே இருக்கும் மச்சம்கூட அவளுடையது.

புடவையைப் பார்த்ததும் புரிந்தது. ஆயுத பூஜை அன்று மொத்த ஆபீசும் மிஷின் முன்னால் நின்று எடுத்த படம். கம்பெனி ஃபேஸ்புக் பக்கத்தில் போடலாமா என்று கேட்டார்கள், சரி என்றாள். அவள் சரி சொன்னது அந்த ஒரு படத்துக்கு. அதிலிருந்து அவளை மட்டும் யாரோ பிய்த்து எடுத்திருக்கிறார்கள்.

அந்த வாரம் இருபத்துமூன்று பேர் வந்தார்கள். சிலர் கும்பிட்டார்கள். சிலர் முறைத்தார்கள். மேடத்துக்கும் சித்தருக்கும் பங்கு இருக்கிறது என்று கேன்டீனில் பேச்சு கிளம்பியது. மேலாளர் கூப்பிட்டு, "இது நீங்கதானே?" என்றார்.

"மூஞ்சி என்னோடது சார். காரியம் என்னோடது இல்ல."

"அத எழுத்துல குடுங்க. பத்து நாள் டைம்."

அன்று மாலை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள் தோழி சுகப்பிரியா. குவாலிட்டி பிரிவில் வேலை. கதை முழுக்கக் கேட்டுவிட்டுத் தன் போனை எடுத்தாள்.

"இதுக்கு ஆப்பே கீதுடி. ரெண்டு போட்டோவப் போடு. 'இவர் இவருக்குக் கவர் குடுக்கறார்'னு ஒரு வரி அடி. அரை நிமிஷத்துல அதுவே கைய வரைஞ்சிக்கும், வெளிச்சத்த ஒட்டிக்கும். நம்மளும் அந்தத் தாடிக்காரனுக்கு வெலங்கு மாட்டி, ரெண்டு போலீஸ் நடுவுல நிக்க வெச்சி குரூப்புல விட்டுரலாமா?"

இசைவாணிக்குச் சிரிப்பு வந்தது. பார்க்க ஆசையும் வந்தது. போனை மெல்லத் தள்ளிவிட்டாள்.

"வேணாம்டி. அவன் என்னக் கேக்கல. நான் அவனக் கேக்காம போட்டா, அவனுக்கும் எனக்கும் தாடி ஒண்ணுதான் வித்தியாசம்."

"அப்ப இன்னா பண்ணப்போற?"

"அந்த ஆப்புக்கு நம்ம குடுக்கறது மட்டும்தானே தெரியும்? குடுத்துப் பாக்கறேன்."

அடுத்த ஞாயிறு வரிசையில் அவளும் நின்றாள். சடையை வெட்டி இரண்டு மாதம் ஆகிறது. கழுத்தளவு முடி, பழைய சுடிதார், முகத்தில் மாஸ்க். பின்னால் சுகப்பிரியாவும் யேசுராஜும். யேசுராஜ் அவள் காதருகே குனிந்தார்.

"சோதிச்சா கோச்சிக்கப் போறாரு மேடம்."

"நெஜமா இருந்தா எதுக்குக் கோச்சிக்கணும்?"

சித்தர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பேரு?"

"வாணி."

கம்பெனி பெயரைச் சொன்னாள். பத்தொன்பது வயதில் காலேஜ் ஹாஸ்டலில் எடுத்த தன் படத்தை அனுப்பினாள். ரெட்டைப் பின்னல், ஒட்டிய கன்னம்.

"ரொம்பப் பழைய படமா கீதேம்மா."

"இதுதான் இருக்கு சாமி."

"பரவால்ல. மொகம் மாறலாம், ஆன்மா மாறாது. எனக்கு அது தெரியும்."

மணி அடித்தது. கற்பூரம் மணந்தது. சித்தர் வந்து, வழக்கம்போலப் படத்தைக் கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டினார். ரெட்டைப் பின்னல் போட்ட பெண் ஆர்டர் வாங்கிக்கொண்டிருந்தாள். பச்சைப் புடவைக்காரி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கறது யாரு சாமி?"

"நீதாம்மா."

"குடுக்கறது?"

"ஒங்க ஹெச்.ஆர். மேடம்."

இசைவாணி மாஸ்க்கைக் கழற்றினாள். "அதுவும் நான்தான். எனக்கு நானே வேலை போட்டுக் குடுக்கறேனா?"

கூட்டம் படத்தைப் பார்த்தது, அவளைப் பார்த்தது. படத்தில் இருந்த இரண்டு முகத்திலும், அவள் முகத்திலும் அதே மச்சம்.

சித்தர் தொண்டையைச் செருமினார். "இதுக்கு உள்ளர்த்தம் இருக்கு. தன்னைத் தானே உயர்த்திக்கிறது..." அதற்கும் நாலு பேர் தலையாட்டினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

யேசுராஜ் தலையாட்டவில்லை. தன் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதே சிரிப்பு, அதே புடவை மடிப்பு. கவரின் மேல் இருந்த எழுத்து எந்த மொழியிலும் சேராமல் கோணிக்கிடந்தது.

"மேடம் முடி வெட்டி ரெண்டு மாசம் ஆவுது. இனிமே நடக்கப்போற படத்துல போன வருசத்து சடை எப்பிடி சாமி வந்துச்சி?"

சுகப்பிரியா திரையை இழுத்தாள். கேமரா இல்லை. ஒரு லேப்டாப், ஒரு சின்ன பிரிண்டர், அதன்மேல் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம். லேப்டாப் திரையில் பன்னிரண்டு கம்பெனிகளின் ஹெச்.ஆர். முகங்கள் பெயர் வாரியாக அடுக்கியிருந்தன.

சித்தர் குரலை மாற்றினார். "நெட்ல போட்டுட்டா பொதுதானேம்மா. கெட்டதா ஒண்ணும் போடலியே. கௌரவமா சிரிச்சிக்கினுதான நிக்கறீங்க."

"அதான" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"இந்தச் சின்னப் பொண்ணு படத்த நானா குடுத்தேன். அந்தப் பச்சைப் புடவைய நீயா எடுத்துக்கிட்ட" என்றாள் இசைவாணி. "ரெண்டும் ஒரே மூஞ்சிதான். எல்லாரும் பாக்கறமாதிரி இருந்தா எடுத்துக்கலாம்னு அர்த்தமா? நீ படமா வரைஞ்சிருந்தா, யாரோ வரைஞ்சதுன்னு ஜனங்களுக்குத் தெரியும். போட்டோன்னா நடந்ததுன்னு நம்பறாங்க. நான் குடுக்காத வேலைய என் கை குடுக்குது. நாலு வருஷமா காத்துக்கிட்டிருக்கிற மனுஷன் அத நம்பி ஸ்வீட் வாங்கிட்டு வந்து நிக்கறாரு. அவரு மூஞ்சியப் பாத்து இல்லன்னு சொன்னது நீயா, நானா?"

'அதான' என்றவர் வரிசையை விட்டு விலகினார்.

சைபர் கிரைமில் புகார் போனது. ஆள்மாறாட்ட மோசடி என்று எழுதிக்கொண்டு, லேப்டாப்பை எடுத்துப்போனார்கள். சித்தருக்குப் படப்பை பக்கம் ஒரு போட்டோ ஸ்டுடியோ இருந்து மூடிப்போனதும் அப்போது தெரியவந்தது. மேலாளர் இசைவாணியிடம் வருத்தம் தெரிவித்தார், வாயால் மட்டும். எழுத்தில் கேட்டது அவளிடம்தான்.

இரண்டு நாள் கழித்து யேசுராஜ் மறுபடி வந்தார். இந்தத் தடவை இனிப்பு இல்லை.

"மேடம், வூட்ல சம்சாரம் சவரியம்மா அந்தப் படத்த ஃபிரேம் போட்டு மாட்டிச்சி. ஒங்க பக்கத்த வெட்டிட்டு, என் மூஞ்ச மட்டும் வெச்சிக்கட்டுமா? நல்லா வந்துக்கீது."

"உங்க மூஞ்சி உங்களுது. தாராளமா வெச்சுக்குங்க." கொஞ்சம் தயங்கிச் சொன்னாள். "நிரந்தரம் பண்றது என் கையில இல்லண்ணே. மேல எழுதறேன். நீங்களும் தனியா வராம, நாலு வருஷம் முடிச்ச எல்லாரும் சேந்து கையெழுத்துப் போட்டு மனு குடுங்க."

யேசுராஜ் ஆள் திரட்டினார். முதல் நாள் ஏழு பேர் வந்தார்கள். நடக்காத ஒன்றைப் படமாகப் பார்க்க விடியற்காலையில் இருநூறு பேர் நின்ற ஊர் இது. நடக்க வேண்டியதைக் கேட்க ஏழு பேர். போட்டோ செய்ய ஆயிரம் ஆப் வந்துவிட்டது ஐயா. யோசிப்பதற்கு மட்டும் இன்னும் அவரவர் தலையைத்தான் பயன்படுத்தியாக வேண்டும்.